படத்துக்குக் கீழே என்ன எழுதுவது?

வாட்ஸ்அப் குழுவில் ஒரு நோட்டீஸ் வந்து விழுகிறது. சிவப்புப் பின்னணியில் பெரிய எழுத்தில் ‘மாபெரும் ரத்த தான முகாம்’ என்று இருக்கிறது. அதற்கு அடியில் தேதி, நேரம், இடம், நடத்துபவர்கள் பெயர், இரண்டு கைபேசி எண்கள். அனுப்பியவர் படத்தின் கீழே இப்படி எழுதியிருக்கிறார்: ‘மாபெரும் ரத்த தான முகாம். நாள்: ஞாயிற்றுக்கிழமை. நேரம்: காலை 9 மணி. இடம்: அரசு மேல்நிலைப் பள்ளி. அனைவரும் வருக.’ படத்தில் இருந்ததையே இன்னொரு முறை தட்டச்சு செய்திருக்கிறார், அவ்வளவுதான். படிப்பவர் முதல் இரண்டு சொற்களிலேயே அதைக் கண்டுகொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். நடத்துபவர்களுக்குக் காசில்லாமல் கிடைத்த நாலு வரி இடம் அங்கே வீணாகிறது.

இது ஏன் நடக்கிறது என்பது புரியாத விஷயமல்ல. நோட்டீஸை டிசைன் செய்யக் கொடுக்கும்போதே எல்லாத் தகவலையும் எழுதிக் கொடுத்தாயிற்று. டிசைன் வந்ததும் அனுப்பியாக வேண்டும். கீழே எதையாவது எழுதாவிட்டால் மொட்டையாக இருக்கிறதே என்று தோன்றுகிறது. கையில் இருப்பது டிசைனருக்குக் கொடுத்த அதே தகவல்தான். அதையே எடுத்து ஒட்டிவிடுகிறோம்.

படத்தோடு சேர்ந்து வரும் எழுத்து என்ன செய்கிறது என்று யோசித்தவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த். 1964இல் எழுதிய கட்டுரையில் ஒரு பாஸ்தா நிறுவனத்தின் விளம்பரப் படத்தை எடுத்துக்கொண்டு அலசினார். எழுத்துக்கு அவர் இரண்டு வேலைகளைச் சொன்னார். ஒரு படத்துக்குப் பல பொருள் கொள்ளலாம் என்பதால், அவற்றில் ஒன்றைப் பிடித்து நிறுத்துவது முதல் வேலை. இரண்டாவது, படத்தில் இல்லாததைச் சொல்லிப் பொருளை மேலே எடுத்துச் செல்வது. சித்திரக் கதைகளில் பாத்திரங்களின் பேச்சு செய்யும் வேலை இது.

நோட்டீஸை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. நோட்டீஸ் வெறும் படமல்ல, அதிலேயே எழுத்து இருக்கிறது. ‘இது ரத்த தான முகாம், இந்த நாளில், இந்த இடத்தில்’ என்று பிடித்து நிறுத்தும் வேலையை நோட்டீஸே முடித்துவிட்டது. கேப்ஷனுக்கு மிச்சமிருப்பது இரண்டாவது வேலை மட்டும்தான். நோட்டீஸைப் படித்து முடித்தவர் மனதில் அடுத்து எந்தக் கேள்வி எழுமோ, அதற்குப் பதில் சொல்வது.

எதை எங்கே வைப்பது

கேப்ஷன் எழுதும் வேலை உண்மையில் நோட்டீஸை டிசைன் செய்யும்போதே தொடங்குகிறது. நம்மூர் நோட்டீஸ்கள் பல இன்னமும் ஏ4 தாளுக்காகத் தயாராகின்றன. ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். கைபேசித் திரையின் அகலம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். தாளில் 12 பாயின்ட் அளவில் நன்றாகப் படிக்க முடிந்த எழுத்து, திரையில் 4 பாயின்ட்டாகச் சுருங்கிவிடுகிறது. விரல்களால் விரித்துப் பார்த்தால்தான் தெரியும். விரித்துப் பார்க்கும் பொறுமை பலருக்கு இல்லை.

ஆகவே நோட்டீஸில் என்ன, எப்போது, எங்கே, யாரிடம் கேட்பது என்ற நான்கு மட்டும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். ‘யாரெல்லாம் கொடுக்கலாம்’ என்று நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் அடைத்து வைக்கும் பத்து வரிகளை அங்கிருந்து எடுத்துவிடலாம். அவை போக வேண்டிய இடம் கேப்ஷன். அங்கே எழுத்தின் அளவைப் படிப்பவரின் கைபேசியே முடிவு செய்கிறது; வயதானவர் பெரிய எழுத்து வைத்திருந்தால் பெரிதாகவே தெரியும்.

அந்த நான்கும் நோட்டீஸில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. படமும் கேப்ஷனும் கடைசிவரை சேர்ந்தே போகும் என்று சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்பவர் கேப்ஷனை நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் அனுப்பலாம். கேலரியில் சேமித்து, பிறகு ஸ்டேட்டஸில் வைத்தால் கேப்ஷன் கூட வராது. தனியாக விடப்பட்டாலும் நோட்டீஸ் ஆளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கேப்ஷன் வந்தவருக்கு உதவ வேண்டும்.

ஒரு முகாமை எடுத்துக்கொள்வோம்

எடுத்துக்காட்டுக்கு ஒரு சிற்றூர் வாசகர் வட்டம், 2026 அக்டோபர் 11, ஞாயிற்றுக்கிழமை காலை 9 முதல் 1 மணி வரை, அரசு மேல்நிலைப் பள்ளியில் முகாம் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். நோட்டீஸ் தயார். அதைப் பார்ப்பவர் மனதில் என்ன ஓடும்? ‘நான் கொடுக்கலாமா? சாப்பிடாமல் வர வேண்டுமா? எவ்வளவு நேரம் ஆகும்? போன தடவைதானே கொடுத்தேன், இவ்வளவு சீக்கிரம் மறுபடி கொடுக்கலாமா?’ இவற்றில் ஒன்றுக்குக்கூட நோட்டீஸில் பதில் இல்லை. ‘அனைவரும் வருக’ என்ற வரியும் பதில் சொல்லவில்லை. அது தவறும்கூட, ஏனென்றால் எல்லோரிடமும் ரத்தம் எடுக்க மாட்டார்கள்.

இந்தியாவில் உள்ள விதிப்படி 18 முதல் 65 வயது வரை உள்ளவர்கள் ரத்தம் கொடுக்கலாம். எடை குறைந்தது 45 கிலோ இருக்க வேண்டும். ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும். ஆண்கள் இரண்டு முறைக்கு இடையில் 90 நாளும், பெண்கள் 120 நாளும் விட வேண்டும். வெறும் வயிற்றோடு வரக் கூடாது. ரத்தம் எடுக்க ஏறத்தாழ பத்து நிமிடம் ஆகும். பதிவு, பரிசோதனை, பிறகு சற்று ஓய்வு எல்லாம் சேர்த்தால் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். இவை கேப்ஷனுக்கான கச்சாப் பொருள். ஆனால் இவற்றை அப்படியே பட்டியலாக இறக்கிவிட்டால், விதிப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் போலாகிவிடும். யாருக்கு எது தேவை என்று பார்த்துப் பிரிக்க வேண்டும்.

இங்கேதான் கேப்ஷனின் தனி வசதி தெரிகிறது. நோட்டீஸ் ஒன்றுதான், அது ஊருக்கே பொது. கேப்ஷனை ஒவ்வொரு குழுவுக்கும் மாற்றி எழுதலாம், ஒரு பைசா கூடுதல் செலவில்லை. கல்லூரி மாணவர் குழுவுக்கு இப்படி:

‘முதல் முறையா? காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ரத்தம் எடுக்கப் பத்து நிமிடம். எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். எடை 45 கிலோவுக்குக் குறைவு என்றாலும், கடந்த ஒரு வருடத்துக்குள் பச்சை குத்தியிருந்தாலும் இந்த முறை எடுக்க மாட்டார்கள். நண்பருக்குத் துணையாக வாருங்கள்.’

இதில் நோட்டீஸில் உள்ள ஒரு சொல்கூட இல்லை. முதன்முறையாக வரும் இளைஞனின் பயம் எது, அவன் எந்தக் காரணத்தால் திருப்பி அனுப்பப்படக்கூடும் என்ற இரண்டை மட்டும் யோசித்து எழுதியது. பச்சை குத்தியவன் பேருந்து ஏறி வந்து, வரிசையில் நின்று, படிவத்தை நிரப்பிய பிறகு ‘முடியாது’ என்று கேட்பதைவிட, வீட்டிலேயே தெரிந்துகொள்வது அவனுக்கும் நல்லது, முகாமுக்கும் நல்லது.

மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு அனுப்பும்போது வேறு கவலை. ‘நமக்கே ரத்தம் குறைவு, எங்கே கொடுப்பது’ என்ற எண்ணம் பல பெண்களுக்கு உண்டு. அதை நேராக எதிர்கொள்ளலாம்:

‘கொடுப்பதற்கு முன் விரல் நுனியில் ஒரு துளி எடுத்து ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். 12.5 இருந்தால் கொடுக்கலாம். குறைவாக இருந்தால் எடுக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் அளவு என்ன என்று தெரிந்துகொண்டு திரும்பலாம், டாக்டரைப் பார்க்கும்போது உதவும்.’

போன வருடங்களில் கொடுத்தவர்களின் குழுவுக்கு அறிமுகமே தேவையில்லை. சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரே சந்தேகம்தான், நாள் கணக்கு. ‘90 நாள், 120 நாள்’ என்று விதியை எழுதினால் கணக்குப் போடும் வேலை அவர்கள் தலையில் விழும். அந்தக் கணக்கை எழுதுபவரே போட்டுக் கொடுக்கலாம்:

‘கடைசியாக ஜூலை 13 அன்றோ அதற்கு முன்போ கொடுத்த ஆண்களும், ஜூன் 13 அன்றோ அதற்கு முன்போ கொடுத்த பெண்களும் இந்த முறை மறுபடி கொடுக்கலாம்.’

அக்டோபர் 11இலிருந்து பின்னோக்கி எண்ணினால் 90 நாள் ஜூலை 13இல் வந்து நிற்கிறது, 120 நாள் ஜூன் 13இல். எழுதுபவருக்கு ஐந்து நிமிட வேலை. குழுவில் இருக்கும் இருநூறு பேருக்கும் நாட்காட்டியைத் தேட வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது.

‘ஏன் இப்போது?’

நோட்டீஸ் சொல்லவே முடியாத ஒன்று, காரணம். ‘ரத்த தானம் செய்வீர், உயிர் காப்பீர்’ என்று எழுதலாம். அது எல்லா நோட்டீஸிலும் இருக்கிறது, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை. ஏன் இந்த ஞாயிறு என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. கேப்ஷனில் இரண்டு வாக்கியத்துக்கு இடம் இருக்கிறது.

ரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரித்துச் சேமிக்கிறார்கள். உறைய வைத்த பிளாஸ்மா ஒரு வருடம் தாங்கும். சிவப்பணு குளிர்பதனத்தில் ஐந்தாறு வாரம் தாங்கும். தட்டணுவின் ஆயுள் 5 நாள்தான். இதைத் தெரிந்துகொண்டு எழுதினால் கேப்ஷனின் முதல் வரி இப்படி அமையும்: ‘ஞாயிறன்று நீங்கள் கொடுக்கும் ரத்தத்தின் தட்டணுக்களை வெள்ளிக்குள் யாருக்காவது ஏற்றியாக வேண்டும், அதற்கு மேல் அவை தாங்காது.’ ஊரில் போதிய ரத்தம் சேர்ந்துவிட்டது, நாம் எதற்கு என்று நினைப்பவருக்கு இந்த ஒரு வரி பதில் சொல்கிறது. உணர்ச்சியைத் தூண்டும் சொல் எதுவும் அதில் இல்லை, ஆனால் வாரம்தோறும் புது ஆட்கள் ஏன் தேவை என்று புரிகிறது.

ஆனால் இப்படி எழுதுவதற்கு முன் ஒரு போன் செய்ய வேண்டும். முகாமுக்கு வரும் ரத்த வங்கியில் ரத்தத்தைப் பிரிக்கும் வசதி இருக்கிறதா, அன்று எடுப்பதிலிருந்து தட்டணு பிரிப்பார்களா என்று கேட்க வேண்டும். எல்லா வங்கியிலும் அந்த வசதி இருக்காது. இல்லை என்றால் இந்த வரி பொய்யாகிவிடும். அப்போது அவர்களுக்கு எந்த வகை ரத்தம் அடிக்கடி குறைகிறது என்று கேட்டு, அதை எழுதலாம். நோட்டீஸைத் திருப்பி எழுதுபவருக்கு இந்த போன் தேவைப்படுவதே இல்லை. அர்த்தம் கூட்ட நினைப்பவர் கட்டாயம் செய்தாக வேண்டும். பொருளுள்ள கேப்ஷனுக்கான உழைப்பில் பெரும்பகுதி எழுத்தில் இல்லை, இந்த விசாரிப்பில்தான் இருக்கிறது.

முதல் வரி எதுவாக இருக்க வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. இன்ஸ்டாகிராமில் கேப்ஷனுக்கு 2,200 எழுத்து வரை இடம் உண்டு. ஆனால் தட்டித் திறக்கும் வரை தொடக்கத்தில் ஒன்றிரண்டு வரிகளே கண்ணில் படும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்துகளும் அகலமானவை. ஆங்கிலத்தில் இருபது சொல் அடங்கும் இடத்தில் தமிழில் பத்துச் சொல் அடங்கினால் பெரிது. அந்தப் பத்துச் சொல்லும் ‘அன்பார்ந்த பொதுமக்களுக்கு வணக்கம். நமது பகுதியில் நடைபெறவிருக்கும் மாபெரும்...’ என்று போய்விட்டால், விஷயம் ஒளிந்த பக்கத்திலேயே கிடக்கும். வணக்கத்தைக் கடைசியில் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

திருப்பிச் சொல்ல வேண்டிய ஒரு வரி

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். நோட்டீஸில் இருக்கும் ஒரு வரியைக் கேப்ஷனில் திருப்பி எழுதத்தான் வேண்டும். நாள், நேரம், இடம், தொடர்பு எண் அடங்கிய ஒரே வரி.

படத்துக்குள் இருக்கும் எழுத்து நம் கண்ணுக்கு எழுத்து. பல நேரம் கைபேசிக்கு அது வெறும் படம். சனிக்கிழமை இரவு ஒருவர் ‘நாளைக்கு முகாம் எங்கே?’ என்று குழுவில் ‘முகாம்’ என்று தேடினால் கேப்ஷனில் உள்ள சொல் கிடைக்கும். படத்தில் மட்டும் இருந்தால், நூறு ‘காலை வணக்கம்’ படங்களுக்கு நடுவில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். கேப்ஷனில் உள்ள எண்ணைத் தொட்டால் அழைப்பு போகும். படத்தில் உள்ள எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டும். டேட்டாவை மிச்சப்படுத்தப் படங்கள் தானாக இறங்காதபடி வைத்திருப்பவருக்கு முதலில் தெரிவது மங்கலான கட்டமும் கேப்ஷனும்தான். பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் செயலி கேப்ஷனைத் தெளிவாக வாசிக்கும். படத்துக்குள் இருப்பதை அப்படி நம்பியிருக்க முடியாது.

அந்த வரியில் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். ‘வரும் ஞாயிறு’ என்று எழுதிய செய்தி ஃபார்வர்டு ஆகி இரண்டு வாரம் கழித்து ஒருவர் கைக்கு வந்தால், அவருக்கு அது வேறு ஞாயிறு. அடுத்த அக்டோபரில் சுற்றுக்கு வந்தாலும் ‘2026’ என்ற எண் இருந்தால் அது பழையது என்று தெரிந்துவிடும்.

எங்கே எழுதுவது? கடைசியில், தனி வரியாக. வாட்ஸ்அப்பில் சொல்லின் இரு பக்கமும் நட்சத்திரக் குறி இட்டால் தடித்த எழுத்தாகும். அதை இந்த ஒரு வரிக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது:

```
*11.10.2026 ஞாயிறு, காலை 9–1, அரசு மேல்நிலைப் பள்ளி (கிழக்கு வாசல்)*
```

‘கிழக்கு வாசல்’ என்பது நோட்டீஸில் இல்லாதது. ஞாயிற்றுக்கிழமை பள்ளியின் முன்வாசல் பூட்டியிருக்கும் என்று தெரிந்தவர் எழுதியது. திருப்பிச் சொல்லும் வரியிலும் ஒரு புதுத் தகவல் ஏறிவிட்டது.

இரண்டும் முரண்பட்டால்

எழுத்துப் பிழையைவிட மோசமானது, படமும் கேப்ஷனும் வெவ்வேறு சொல்வது. முகாம் பள்ளியிலிருந்து சமுதாயக் கூடத்துக்கு மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டிசைனர் ஊரில் இல்லை. பழைய நோட்டீஸையே அனுப்பி, கீழே ‘இடம் மாற்றம்: சமுதாயக் கூடம்’ என்று எழுதிவிடுகிறோம். அந்தப் படம் கேப்ஷன் இல்லாமல் நாலு குழுவுக்குப் போகிறது. ஞாயிறு காலை பத்துப் பேர் பூட்டிய பள்ளியின் முன் நிற்பார்கள்.

கேப்ஷனால் நோட்டீஸைத் திருத்த முடியாது. நாள், நேரம், இடம் மூன்றில் ஒன்று மாறினாலும் படத்தையே மாற்றியாக வேண்டும். டிசைனர் கிடைக்காவிட்டால், கைபேசியிலேயே பழைய படத்தின் மேல் குறுக்காக ‘இடம் மாறியது’ என்று சிவப்பில் எழுதிப் புதுப் படமாக அனுப்பலாம். அழகாக இருக்காது, ஆனால் படம் எங்கே போனாலும் திருத்தமும் கூடவே போகும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிட அவகாசம் உண்டு. அதற்குள் யாராவது ஃபார்வர்டு செய்துவிட்டால், அவர் அனுப்பிய பிரதியில் நம் திருத்தம் சேராது.

அனுப்புவதற்கு முன் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. படத்தை விரலால் மறைத்துக்கொண்டு கேப்ஷனை மட்டும் படியுங்கள். கடைசி வரியிலிருந்து முகாமுக்கு வழி தெரிய வேண்டும். பிறகு கேப்ஷனை மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள். அப்போதும் வந்து சேர முடிய வேண்டும். கடைசியாக இரண்டையும் அருகருகே வைத்து, இரண்டிலும் உள்ள தகவலில் அந்த ஒரு வரியைத் தவிர மற்றதை எல்லாம் கேப்ஷனிலிருந்து அடித்துவிடுங்கள். அடித்த பிறகு ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால், நடத்துபவர்களிடம் இன்னும் விசாரிக்கவில்லை என்று அர்த்தம்.

சில நோட்டீஸ்களுக்கு உண்மையிலேயே அந்த ஒரு வரி போதும். கண்ணீர் அஞ்சலி நோட்டீஸுக்குக் கீழே இறுதி ஊர்வலம் எத்தனை மணிக்கு, எங்கிருந்து புறப்படுகிறது என்று எழுதினால் முடிந்தது. விளக்கம் எழுதப் போனால் அது உறுத்தும்.

முகாம் போன்றவற்றில் எது விடுபட்டது என்பதை நோட்டீஸில் எண் கொடுத்தவரே சொல்லிவிடுவார். ‘சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன், கொடுக்கலாமா?’ என்று மூன்று பேர் போன் செய்து கேட்டால், அதற்கான பதிலை ரத்த வங்கி மருத்துவரிடம் கேட்டு அன்று மாலையே கேப்ஷனில் சேர்த்து மறுபடி அனுப்பலாம். முகாம் முடியும் வரை வந்த கேள்விகளை ஒரு தாளில் குறித்து வைத்தால், அடுத்த முகாமின் கேப்ஷனுக்குப் பாதி வேலை முடிந்தது.